பதினொரு தொடர் வெற்றியும் ஒரு குற்றச்சாட்டும்

ஹைதராபாத்தில் எங்கள் ஆய்வு மாணவர் விடுதியில் சென்ற பருவத்தில் ஒரு கைப்பேசி விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. ஆட்டம் கிளாஷ் ராயல். ஏறத்தாழ 40 பேர் பெயர் கொடுத்திருந்தனர். போட்டிக்கு முந்தைய வாரம், முதுகலை முதலாண்டு மாணவர் ஒருவர் தொடர்ந்து பதினொரு ஆட்டங்களில் வென்றதைத் திரைப்பிடிப்பாக வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார். அன்றிரவே மூத்த மாணவர் ஒருவர் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்தார். அதன் சாரம் இதுதான்: சமவலிமை உடையவர்களுக்கிடையே ஒருவர் தொடர்ந்து பதினொரு முறை வெல்வதற்கான வாய்ப்பு 2,048இல் ஒன்று, ஆகவே அந்த ஆட்டங்களை வேறொருவர்தாம் ஆடியிருக்க வேண்டும், அம்மாணவரைப் போட்டியிலிருந்து விலக்க வேண்டும்.

போட்டியை நடத்தியவர்கள் என்னிடம் வந்தனர். நான் மொழியியல் படித்தவன். விளையாட்டு வல்லுநன் அல்லன். ஆனால் தரவுத்தொகுதிகளோடு சில ஆண்டுகள் பழகியிருப்பதால், “எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா” என்றனர். எண்ணிப் பார்த்ததில் நான் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன். ஆட்ட வரலாற்றுத் திரைப்பிடிப்புகளிலிருந்து வெற்றி விகிதத்தையும் தொடர் வெற்றியையும் ‘எந்த எதிரியிடம் அதிகம் தோற்கிறோம்’ என்பதையும் கணக்கிடும் பழக்கம் மாணவரிடையே பரவியுள்ளது. அந்தக் கணக்கைக் கொண்டு ஒருவர்மீது பழி சுமத்தும் துணிவும் கூடவே பரவியுள்ளது. முதலாவதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவதற்கு அந்த எண்கள் இடம் தருவதில்லை என்பதே என் கருத்து.

முதலில் தரவு. அம்மாணவர் தம்மிடமிருந்த 31 திரைப்பிடிப்புகளையும் மறுப்பின்றி அளித்தார். இவ்வாட்டத்தின் வரலாற்றுப் பக்கம் அண்மைய ஆட்டங்களை மட்டுமே காட்டும். பழையவை தாமே உதிர்ந்துவிடும். ஆகவே திரைப்பிடிப்பு எடுக்காத ஆட்டம் பின்னர் கிடைக்காது. ஒவ்வொரு பிடிப்பிலும் நான்கைந்து ஆட்டங்கள்: எதிராளியின் பெயர், இருவரின் எட்டுச் சீட்டுகள், கிரீடக் கணக்கு, கூடிய அல்லது குறைந்த டிராபிப் புள்ளி, ஆட்டம் எவ்வளவு நேரத்திற்கு முன் நடந்தது என்ற குறிப்பு. இவற்றைக் கையால் அட்டவணையில் ஏற்றியபோது 152 வரிகள் வந்தன.

152 வரிகள் என்றால் 152 ஆட்டங்கள் என்று பொருளில்லை. 21 வரிகள் இருவர் அணி ஆட்டங்களும் நட்பு ஆட்டங்களும் ஆகும். அவற்றில் புள்ளி மாறுவதில்லை, மனம்போல ஆடப்படுபவை. அவற்றை நீக்கினால் 131 வரிகள். அவற்றுள் 23 வரிகள் ஒரே ஆட்டத்தின் மறுபதிவுகள். மாலையில் ஒரு பிடிப்பும் இரவில் ஒரு பிடிப்பும் எடுத்தால், இடைப்பட்ட சில ஆட்டங்கள் இரண்டிலும் இடம்பெறும்.

இந்த மறுபதிவைக் கண்டுபிடிப்பது எளிதன்று. பக்கத்தில் நேரம் கடிகார நேரமாக இல்லாமல், ‘இத்தனை மணிக்கு முன்’ என்றே இருக்கும். மாலைப் பிடிப்பில் ‘1 மணி முன்’ என்றிருந்த ஆட்டம், இரவுப் பிடிப்பில் ‘6 மணி முன்’ என்று வேறோர் ஆட்டம்போல் நிற்கும். பிடிப்பு எடுத்த நேரத்திலிருந்து அந்த இடைவெளியைக் கழித்தால்தான் ஆட்டத்தின் உண்மையான நேரம் கிடைக்கும். கைப்பேசியில் உள்ள மூலக் கோப்பின் பெயரில், `Screenshot_20240812-231504.png` என்பதுபோல், நாளும் நொடியும் பெரும்பாலும் பதிந்திருக்கும். அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெயர் `IMG-20240813-WA0007.jpg` என்று மாறி, அனுப்பிய நாள் மட்டுமே எஞ்சும். ஆகவே வாட்ஸ்அப் பிரதிகளை விடுத்து மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்கினேன். கணக்கிட்ட நேரம், எதிராளியின் பெயர், கிரீடக் கணக்கு, புள்ளி மாற்றம் ஆகிய நான்கும் ஒத்தால் இரண்டும் ஒரே ஆட்டம் என்று கொண்டேன்.

மறுபதிவுகளை நீக்காமல் எண்ணியபோது 131இல் 78 வெற்றி, 59.5 விழுக்காடு. நீக்கிய பின் 108இல் 61 வெற்றி, 56.5 விழுக்காடு. இந்த மூன்று விழுக்காடு எங்கிருந்து வந்தது? மறுபதிவான 23இல் 17 வெற்றிகள். மனிதர் வென்ற இரவில்தான் அடிக்கடி திரைப்பிடிப்பு எடுக்கிறார். தோற்ற இரவில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உறங்கப் போகிறார்.

அப்படியானால் பதிவே ஆகாத தோல்விகளும் இருக்க வேண்டும் அல்லவா? அதையும் ஓரளவு அறியலாம். சில திரைப்பிடிப்புகளில் முகப்புப் பக்கத்தின் மொத்த டிராபிப் புள்ளியும் தெரிந்தது. இரண்டு முகப்புகளுக்கு இடையே நம் அட்டவணையில் உள்ள ஆட்டங்களின் புள்ளி மாற்றங்களைக் கூட்டிப் பார்த்தால், அது மொத்தப் புள்ளியின் வேறுபாட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இடையில் காணாத ஆட்டங்கள் உள்ளன. ஓரிடத்தில் அட்டவணைப்படி 150 புள்ளிகள் ஏறியிருக்க வேண்டும். உண்மையில் ஏறியது 30 மட்டுமே. ஓர் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 30 புள்ளி என்று கொண்டால், காணாத பகுதியில் வெற்றிகளைவிடத் தோல்விகள் நான்கேனும் மிகுந்திருக்க வேண்டும். இன்னோரிடத்தில் மூன்று. இந்த ஏழு தோல்விகளை மட்டும் சேர்த்தால்கூட விகிதம் 115இல் 61, அதாவது 53 விழுக்காடாகிறது.

ஒரே மாணவர், ஒரே காலம், ஒரே 31 படங்கள், ஆயினும் 59.5, 56.5, 53 என மூன்று விகிதங்கள். தொகுதியில் இடம்பெற்ற சொற்களை மட்டும் வைத்து ஒரு வட்டார வழக்கை விவரித்துவிட முடியாது, அத்தொகுதி எப்படிச் சேர்க்கப்பட்டது என்பதும் தெரிய வேண்டும் என்று மொழியியலில் எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். அந்தப் பாடம் இங்கும் அப்படியே பொருந்துகிறது.

108 ஆட்டங்கள் என்பதும் சிறிய எண்ணிக்கையே. 56.5 விழுக்காட்டின் 95 விழுக்காட்டு நம்பக எல்லை ஏறத்தாழ 47 முதல் 66 வரை விரிகிறது. எனவே இவர் சராசரி ஆட்டக்காரர் என்பதையோ மிகச் சிறந்தவர் என்பதையோ இந்த எண் மறுக்கவில்லை. இதைவிட அடிப்படையான ஒன்றும் உண்டு. புள்ளி அடிப்படையில் எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டங்களில் வென்றால் மேலே ஏறி வலிய எதிராளியைச் சந்திக்கிறோம். தோற்றால் கீழிறங்கி எளியவரைச் சந்திக்கிறோம். அமைப்பே ஒவ்வொருவரின் விகிதத்தையும் 50ஐ நோக்கி இழுக்கிறது. ஒருவரின் திறமை அவர் எந்தப் புள்ளியில் நிலைகொள்கிறார் என்பதில்தான் தெரியும். வெற்றி விகிதம், அவர் அந்த இடத்தை அடைந்துவிட்டாரா, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறாரா என்பதை மட்டுமே சொல்லும்.

இனிப் புகாரின் மையமான தொடர் வெற்றி. முதலில் அந்தப் பதினொன்றும் உண்மையிலேயே அடுத்தடுத்தவையா என்று பார்த்தேன். அத்தொடருக்கு முன்னும் பின்னும் முகப்புப் புள்ளி கிடைத்தது. இடைப்பட்ட ஏற்றம் பதினொரு வெற்றிகளின் கூட்டுத்தொகையோடு சரியாகப் பொருந்தியது. ஒளிந்திருக்கும் தோல்வி எதுவும் இல்லை. தொடர் உண்மையானது.

அடுத்து, 2,048இல் ஒன்று என்ற கணக்கு. இரண்டைப் பதினொரு முறை பெருக்கினால் 2,048 வருவது சரியே. ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை? ‘இதோ, இந்த ஆட்டத்திலிருந்து தொடங்கி வரும் பதினொன்றையும் இவர் வெல்வார்’ என்று முன்கூட்டியே ஓர் ஆட்டத்தைச் சுட்டிக் காட்டியிருந்தால்தான் அந்த விடை பொருந்தும். இங்கு யாரும் முன்கூட்டிச் சுட்டவில்லை. 108 ஆட்டங்களில் எங்கேனும் ஓரிடத்தில் பதினொன்று தொடர்ந்து வருமா என்பதே நம் கேள்வி. தொடர் தொடங்குவதற்கான இடங்கள் பல. வெற்றி வாய்ப்பு 50 விழுக்காடு என்று கொண்டால் இதற்கான விடை 100இல் 2க்குச் சற்று மேல், 56.5 என்று கொண்டால் 100இல் 8. அரிதுதான், ஆனால் 2,048இல் ஒன்று அன்று.

அதோடும் முடியவில்லை. அந்தத் திரைப்பிடிப்பு நம் கண்ணில் படக் காரணமே அதில் பதினொரு வெற்றி இருந்ததுதான். போட்டியில் 40 பேர் இருந்தனர். எல்லோரும் சரிபாதி வாய்ப்புடையவர்கள், எல்லோரும் ஏறத்தாழ இத்தனை ஆட்டங்கள் ஆடியவர்கள் என்று வைத்துக்கொண்டால், அவர்களுள் யாரேனும் ஒருவருக்குப் பதினொரு தொடர் வெற்றி வாய்ப்பதற்கான நிகழ்தகவு 100இல் 60க்கு மேல். அதாவது, யாரும் எந்தத் தவறும் செய்யாத விடுதியிலும் இப்படி ஒரு திரைப்பிடிப்பு குழுவில் வந்து விழுவதையே நாம் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

உலக அளவில் இதே வழக்கு சதுரங்கத்தில் நடந்தது. 2023 நவம்பரில் முன்னாள் உலகச் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், ஹிகாரு நகமுரா இணைய மின்னல்வேக ஆட்டங்களில் 46இல் 45.5 புள்ளிகள் பெற்றதை ஐயத்துக்குரியதாக வெளிப்படையாகச் சுட்டினார். செஸ்.காம் தளம் ஆராய்ந்து, ஏமாற்றியதற்குச் சான்று இல்லை என்றும், அத்தனை ஆயிரம் ஆட்டங்கள் ஆடும் ஒருவருக்கு இத்தகைய தொடர்கள் எதிர்பார்க்கத்தக்கவை என்றும் அறிவித்தது. அதில் எதிராளிகளின் தரமும் முக்கியமானது. எலோ முறையில் 200 புள்ளி மேலே உள்ளவர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக 0.76 புள்ளி எதிர்பார்க்கலாம். 400 புள்ளி மேலே இருந்தால் 0.91. தம்மைவிட வெகுவாகக் குறைந்த தரமுடையவர்களுடன் பல ஆட்டங்கள் ஆடும் வல்லுநரின் தொடரை நாணயச் சுண்டலோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

என் கணக்கிலும் ஒரு குறை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைச் சாராதது என்று நான் கொண்டேன். மனிதர் அப்படி ஆடுவதில்லை. தோற்ற எரிச்சலில் மீண்டும் தோற்பவர் உண்டு. கை ஓடும் நேரத்தில் ஆடிக்கொண்டே இருப்பவரும் உண்டு. எனவே பிரித்துப் பார்த்தேன். ஒரு வெற்றிக்கு அடுத்து வந்த 60 ஆட்டங்களில் 36 வெற்றி, 60 விழுக்காடு. ஒரு தோல்விக்கு அடுத்து வந்த 47இல் 25 வெற்றி, 53 விழுக்காடு. இந்த ஏழு விழுக்காட்டு வேறுபாடு இத்தனை சிறிய எண்ணிக்கையில் தற்செயலாகவே தோன்றக்கூடியது. உண்மையாக இருந்தாலும், அது தொடர்கள் சற்று நீளும் என்றே காட்டும். புகாருக்கு வலுச் சேர்க்காது.

மூன்றாவது அளவை, எதிராளியின் எவ்வகைச் சீட்டுக்கட்டிடம் இவர் அதிகம் தோற்கிறார் என்பது. புகார் கொடுத்தவர் இதையும் பயன்படுத்தியிருந்தார். ‘இவர் வழக்கமாக லாவா ஹவுண்ட் கட்டிடம் தோற்பவர், பதினொன்றில் ஒரு லாவா ஹவுண்டை வென்றிருக்கிறார், ஆகவே ஆடியது இவரல்லர்’ என்பது அவர் வாதம்.

சீட்டுக்கட்டுகளை வகைப்படுத்துவது மொழியியலாளனுக்குப் பழகிய வேலை. பழகிய இடர்களும் அதில் உண்டு. கோபுரத்தைத் தாக்கும் முதன்மைச் சீட்டு எதுவோ அதுவே வகையின் பெயர் என்ற விதியை முதலில் எழுதிவைத்தேன். பின்னர் வெற்றி தோல்வி உள்ள பத்தியை மறைத்துவிட்டு நானும் மற்றொரு நண்பரும் தனித்தனியே வகைப்படுத்தினோம். அந்தப் பத்தியைப் பார்த்துக்கொண்டு வகைப்படுத்தினால், ஐயத்துக்கிடமான கட்டுகள் நாம் எதிர்பார்க்கும் பக்கமே சாயும். 108இல் 9 கட்டுகளில் எங்களுக்குள் வேறுபாடு வந்தது. எல்லாம் முதன்மைச் சீட்டு இரண்டு உடையவை. அவற்றை ‘மற்றவை’யில் சேர்த்தோம்.

முடிவு இப்படி அமைந்தது. ஹாக் ரைடர் 24இல் 15 வெற்றி. கோப்ளின் பேரல் 19இல் 12. ராயல் ஜெயன்ட் 17இல் 9. கோலெம் 13இல் 8. லாவா ஹவுண்ட் 7இல் 2. எக்ஸ்-போ 6இல் 3. மற்றவை 22இல் 12.

ஏழில் இரண்டு என்பது 29 விழுக்காடு. பார்த்தவுடன் இதுதான் இவரது பலவீனம் என்று தோன்றுகிறது. ஆனால் அட்டவணையை மீண்டும் பாருங்கள்: கடைசி இடத்தில் நிற்பது மிகக் குறைவாக ஆடப்பட்ட வகைகளுள் ஒன்று. இது தற்செயலன்று. குறைவாக எண்ணப்பட்டவையே விகிதத்தில் உச்சிக்கோ அடிக்கோ தாவும். இரண்டு முறை மட்டுமே வந்த சொல்லை வைத்து இலக்கண விதி எழுதக்கூடாது என்று நாம் அறிவோம்; எச்சரிக்கை அதேதான். எந்தப் பலவீனமும் இல்லாத, எல்லா வகைக்கு எதிராகவும் 56.5 விழுக்காடு வெல்லும் ஒருவர்கூட, ஏழு ஆட்டங்களில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ வெல்வது 100இல் 13 முறை நிகழும். ஏழு வகைகளை வரிசைப்படுத்தி, கடைசியில் நிற்பதைச் சுட்டிக்காட்டும்போது, அப்படி ஒன்று அகப்படுவது இன்னும் எளிது.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. ஒவ்வொரு வகைக்கும், அவரது பொதுவான விகிதத்திலேயே நடந்ததாகப் பத்துக் கற்பனை ஆட்டங்களைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். பத்து என்பது நான் தேர்ந்த எண். ஐந்தோ இருபதோகூட வைத்துப் பார்க்கலாம். நிறைய ஆட்டங்கள் உள்ள வகையை இது சிறிதே அசைக்கும். குறைவாக உள்ளதை நடுப்பக்கம் இழுத்துவரும். லாவா ஹவுண்ட் இப்போது 29இலிருந்து 45 விழுக்காடாகிறது. ராயல் ஜெயன்ட் 54. லாவா ஹவுண்ட் இன்னும் கடைசிதான். ஆனால் அதற்கும் பிறவற்றுக்கும் இடையில் இருந்த பள்ளம் ஒரு சிறு சரிவாகிவிட்டது. 45 விழுக்காடு வெல்லும் வகையில் ஒருமுறை வென்றதை ஆள்மாறாட்டத்திற்குச் சான்றாக யாரும் காட்ட மாட்டார்கள்.

இன்னும் ஆடி உறுதிசெய்யலாமே என்று கேட்கலாம். 45க்கும் 56.5க்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு நம்பிக்கையோடு நிறுவ லாவா ஹவுண்டுக்கு எதிராக மட்டும் ஏறத்தாழ 150 ஆட்டங்கள் வேண்டும். 108 ஆட்டங்களுக்கு ஏழு முறையே அது எதிர்ப்பட்டது. ஆகவே மொத்தம் 2,000க்கு மேல் ஆட வேண்டும். அதற்குள் நிறுவனம் சீட்டுகளின் வலிமையைச் சிலமுறை மாற்றியிருக்கும். தொடக்கத்தில் எண்ணியதும் இறுதியில் எண்ணியதும் ஒரே ஆட்டமாக இரா. இந்த அளவை எட்ட இயலாத ஒன்றாகவே பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆகவே என் அறிக்கையில் மூன்று வரிகளே எழுதினேன். வெற்றி விகிதம் இயல்பானது. தொடர் உண்மையானது, இத்தனை பேர் உள்ள குழுவில் எதிர்பார்க்கத்தக்கது. வகைவாரி விகிதம் எதையும் நிறுவப் போதாது. புகார் தள்ளப்பட்டது; அம்மாணவர் போட்டியில் ஆடினார்.

புகார் கொடுத்தவர் பிறகு உணவுக்கூடத்தில் என்னிடம், “அவர் குற்றமற்றவர் என்று நீங்கள் நிரூபிக்கவில்லையே” என்றார். உண்மைதான். கைப்பேசி யார் கையில் இருந்தது என்பது எந்தத் திரைப்பிடிப்பிலும் பதிவாவதில்லை. அதை அறிய வேண்டுமானால் அவ்விரவு அறையில் உடனிருந்தவரைக் கேட்டிருக்கலாம். அவர் பார்வையில் நான்கு ஆட்டங்கள் ஆடச் சொல்லியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. பெருக்கல் எளிதாக இருந்தது. எண்ணைக் கொண்டு ஒருவரைக் குற்றம் சாட்டுபவர், அந்த எண் எந்தக் கேள்விக்கு விடை என்பதையும், எத்தனை பேரிலிருந்து அந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் முதலில் சொல்லக் கடமைப்பட்டவர். முதலாண்டு மாணவர் ஒருவர் நான்கு நாள்கள் உணவுக்கூடத்துக்கு வராமல் அறையிலேயே உண்டதை நான் பார்த்தேன். அந்த நான்கு நாள்களுக்குக் காரணம், தவறான கேள்விக்குச் சரியாகச் செய்யப்பட்ட ஒரு பெருக்கல்.

அம்மாணவர் என்னிடம் கேட்டது வேறொன்று: “அண்ணா, அப்போ லாவா ஹவுண்டுக்கு நான் என்ன செய்யணும்?” விகிதத்தை மறந்துவிட்டு, தோற்ற ஐந்தில் மறு ஒளிபரப்பு எஞ்சியிருந்த மூன்றைச் சேர்ந்து பார்த்தோம். இரண்டில் எதிராளியின் சீட்டு நிலைகள் இவருடையவற்றைவிட உயர்ந்தவை. அங்குச் செய்வதற்கு அதிகமில்லை. மூன்றாவதில், வான்வழி வரும் படையை எட்டித் தாக்கக்கூடிய தம் ஒரே வலுவான சீட்டான மஸ்கெட்டியரை, லாவா ஹவுண்ட் வருவதற்குச் சற்று முன்பே வேறொன்றுக்காகச் செலவழித்திருந்தார். 108 ஆட்டங்களின் அட்டவணையில் தெரியாத அது, மூன்று நிமிடக் காட்சியில் தெரிந்தது.